நீக்கியாயிற்று, ஆனாலும் கோப்பில் இருக்கிறது

மளிகைச் சாமான் வீட்டுக்கே கொண்டுவந்து தரும் ஒரு செயலியை எடுத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் ஒருவர் மார்ச் 2-ஆம் தேதி எழுதுகிறார்: "என் கணக்கை மூடிவிடுங்கள். என் பெயர், போன் நம்பர், வீடு இருக்கும் இடம், நான் எதை எப்போது பார்த்தேன் என்ற விவரம், எதுவும் உங்களிடம் இருக்கக்கூடாது." ஒரு வாரத்தில் பதில் வருகிறது: "நீக்கிவிட்டோம்." நிறுவனத்தின் ஊழியர் எவராவது அவருடைய எண்ணைப் போட்டுத் தேடினால், திரையில் பூஜ்யம் வரிகள் என்றே காட்டும். பதில் எழுதியவர் பொய் சொல்லவில்லை.

ஆனால் 2023 அக்டோபர் 14 அன்று எழுதப்பட்ட ஒரு கோப்பு, நிறுவனத்தின் சேமிப்புக் கிடங்கில் அப்படியே கிடக்கிறது. கிடங்கின் சாவி கையில் இருக்கும் ஒருவர் அதை நேரடியாக இறக்கித் திறந்தால், அந்த வாடிக்கையாளரின் போன் நம்பரும், அன்று மாலை அவர் நின்ற இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையும் ஓர் எழுத்துக்கூட மாறாமல் இருக்கும். தேடினால் இல்லை, திறந்தால் இருக்கிறது. இந்த இடைவெளி எப்படி வருகிறது, அதை எப்படி அடைப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை.

சட்டம் என்ன கேட்கிறது என்பதை முதலில் சொல்லிவிடலாம். ஐரோப்பாவின் ஜி.டி.பி.ஆர். சட்டம் 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 17-ஆம் பிரிவு, தன் விவரங்களை அழிக்கச் சொல்லும் உரிமையைத் தனிமனிதருக்குத் தருகிறது. கோரிக்கைக்குப் பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் நடவடிக்கை எடுக்க வேண்டும். சிக்கலானவற்றுக்கு மேலும் இரண்டு மாதம் நீட்டிக்கலாம். இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் 12-ஆம் பிரிவு அதே உரிமையைப் பேசுகிறது. வேறு சட்டப்படி வைத்திருக்க வேண்டிய விவரங்களுக்கு இரண்டிலும் விலக்கு உண்டு. செயலியில் ஒருவர் எதையெல்லாம் தட்டிப் பார்த்தார் என்ற பதிவுக்கு அந்த விலக்கு கிடைப்பது கடினம்.

இப்போது கிடங்குக்குள் போவோம். பெரிய நிறுவனங்கள் தங்கள் பதிவுகளை 'டேட்டா லேக்' என்ற அமைப்பில் கொட்டி வைக்கின்றன. பெயரைக் கேட்டு மிரள வேண்டியதில்லை. அமேசானின் எஸ்3 போன்ற மலிவான சேமிப்பிடத்தில் லட்சக்கணக்கான கோப்புகள் கிடக்கும், அவ்வளவுதான். கோப்புகள் பெரும்பாலும் பார்க்கே என்ற வடிவத்தில் இருக்கும். ட்விட்டரும் கிளவுடெராவும் சேர்ந்து 2013-இல் பொதுவெளிக்குக் கொண்டுவந்த வடிவம் இது. வரிவரியாக எழுதாமல், போன் நம்பர்கள் எல்லாம் ஓரிடம், நேரங்கள் எல்லாம் ஓரிடம் என்று பத்தி பத்தியாகப் பிரித்து, ஒவ்வொரு பத்தியையும் சுருக்கி அழுத்தி எழுதுவது அதன் வழக்கம். ஒரே மாதிரியான விவரங்கள் அருகருகே இருப்பதால் நன்றாகச் சுருங்கும். ஒரு பத்தி மட்டும் தேவை என்றால் அதை மட்டும் படிக்கலாம்.

இந்த வசதியே அழிக்கும்போது எதிரியாகிறது. ஒருவருடைய போன் நம்பர் மற்றவர்களுடையதோடு சேர்த்து அழுத்தப்பட்டிருக்கிறது. நடுவிலிருந்து அதை மட்டும் பிடுங்கி எடுக்க முடியாது. போதாக்குறைக்கு எஸ்3-இல் ஒரு கோப்பின் நடுப்பகுதியை மாற்றுவது என்ற செயலே கிடையாது. முழுக் கோப்பையும் புதிதாக எழுத வேண்டும், அல்லது விட்டுவிட வேண்டும். ஆகவே 450 மெகாபைட் கோப்பில் ஒரே ஒரு வரியை அழிக்க, மீதமுள்ள லட்சக்கணக்கான வரிகளையும் படித்து இன்னொரு கோப்பாக எழுதுவதைத் தவிர வழியில்லை.

வெறும் கோப்புக் குவியலை அட்டவணை போல நடந்துகொள்ளச் செய்ய மேலே ஒரு கணக்குப்பிள்ளை தேவைப்படுகிறது. எந்தெந்தக் கோப்புகள் சேர்ந்து இன்றைய அட்டவணை ஆகின்றன என்று பட்டியல் வைத்திருப்பதே அதன் வேலை. நெட்ஃப்ளிக்ஸில் பிறந்த ஐஸ்பெர்க், டேட்டாபிரிக்ஸின் டெல்டா லேக், ஊபரில் உருவான ஹுடி ஆகிய மூன்றும் இந்தத் துறையில் பரவலானவை. இந்தக் கட்டுரைக்கு ஐஸ்பெர்க்கைப் பிடித்துக்கொள்கிறேன். சிக்கலின் வடிவம் மற்ற இரண்டிலும் ஏறக்குறைய இதுவேதான்.

ஐஸ்பெர்க்கில் வரியை நீக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அந்த வரி இருக்கும் கோப்பை அப்போதே முழுதாகத் திரும்ப எழுதுவது. நீங்கள் எதையும் மாற்றாவிட்டால் இதுதான் நடக்கும். நாள் முழுக்கத் திருத்தங்கள் வந்துகொண்டே இருக்கும் பெரிய அட்டவணைகளில் இது கட்டுப்படியாகாது. அதனால் அங்கெல்லாம் இரண்டாவது வழிக்குப் போய்விடுகிறார்கள்: பழைய கோப்பைத் தொடாமல், பக்கத்தில் ஒரு சிறு நீக்கக் கோப்பை எழுதி வைப்பது. அதில் இருப்பது இரண்டே தகவல்கள்: எந்தக் கோப்பு, அதில் எத்தனையாவது வரி.

```
file_path                                  pos
.../event_date=2023-10-14/00017-...parquet 1204331
.../event_date=2023-10-14/00017-...parquet 1204332
```

தைத்துக் கட்டிய பேரேட்டில் ஒரு வரியைக் கிழித்தெடுக்க முடியாதபோது, அட்டையில் 'பக்கம் 212, வரி 9: படிக்க வேண்டாம்' என்று சீட்டு ஒட்டுவதைப் போன்றது இது. அட்டவணையைப் படிக்கிற மென்பொருள் சீட்டைப் பார்த்து அந்த வரியைத் தாண்டிப் போகும். பேரேட்டில் மை அப்படியே இருக்கும்.

மையையும் போக்க வேண்டுமானால் சீட்டுகளைக் கணக்கில் எடுத்துக்கொண்டு கோப்பைப் புதிதாக எழுத வேண்டும். அந்த வேலைக்கு காம்பாக்‌ஷன் என்று பெயர். இந்த வேலை பிறந்தது தனியுரிமைக்காக இல்லை. சின்னச் சின்னக் கோப்புகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தால் தேடல் மெதுவாகும். அவற்றைச் சேர்த்துப் பெரிய கோப்புகளாக்குவதே அதன் முதல் நோக்கம். பழைய கோப்பைப் படித்துப் புதியதை எழுதும்போது நீக்கிய வரிகள் உதிர்ந்துபோவது கூடவே கிடைக்கும் பலன். 'நாங்கள் தினமும் இரவு காம்பாக்‌ஷன் ஓட்டுகிறோம், எல்லாம் தானாகப் போய்விடும்' என்று பொறியாளர்கள் நிம்மதியாகச் சொல்வது இதை நம்பித்தான். அந்த நம்பிக்கையில்தான் பெரிய ஓட்டை இருக்கிறது.

நம் மளிகைச் செயலியின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் கற்பனை, விகிதங்கள் நடப்பில் காணக்கூடியவை. `app.events` என்ற அட்டவணையில் செயலியின் ஒவ்வொரு தட்டலும் ஒரு வரி. நாள்வாரியாகப் பிரித்து, நாளுக்கு நான்கு கோப்புகள், ஒவ்வொன்றும் 450 மெகாபைட், உள்ளே சுமார் 60 லட்சம் வரிகள். மூன்று ஆண்டுகளில் 1,095 நாட்கள், 4,380 கோப்புகள், மொத்தம் ஏறத்தாழ 2 டெராபைட். நம் வாடிக்கையாளர் இந்த மூன்றாண்டில் 40 நாட்கள் செயலியைத் திறந்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் 30 தட்டல்கள் என்று வைத்துக்கொள்வோம். அவை ஒரே கோப்பில் விழுந்தன என்றும் வைத்துக்கொள்வோம். ஆக 40 கோப்புகளில் 1,200 வரிகள்.

இரவு காம்பாக்‌ஷன் எந்தக் கோப்புகளைத் தேர்ந்தெடுக்கும்? ஐஸ்பெர்க்கின் இயல்பான இலக்கு 512 மெகாபைட். அதில் 75 விழுக்காட்டுக்குக் கீழே, அதாவது 384 மெகாபைட்டுக்குக் குறைவாக இருந்தால் 'சின்னது' என்று எடுத்துக்கொள்ளும். 180 விழுக்காட்டுக்கு மேல், சுமார் 920 மெகாபைட்டைத் தாண்டினால் 'பெரியது' என்று எடுத்துக்கொள்ளும். நம் கோப்பு 450. இரண்டிலும் சேராது. நல்ல அளவில் இருக்கும் கோப்பைத் திரும்ப எழுதுவானேன் என்று மென்பொருள் அதைத் தாண்டிப் போய்விடும்.

நீக்கச் சீட்டுகள் நிறைய இருந்தால் எடுத்துக்கொள்ளும் விதியும் உண்டு. `delete-file-threshold` என்ற அந்த அளவுகோலின் இயல்பான மதிப்பு 2147483647. ஒரு கோப்புக்கு இருநூறு கோடிக்கு மேல் நீக்கக் கோப்புகள் சேர்ந்தால்தான் வேலை செய்யும். அதாவது ஒருபோதும் செய்யாது. புதிய பதிப்புகளில் கோப்பின் வரிகளில் 30 விழுக்காடு நீக்கப்பட்டிருந்தால் எடுத்துக்கொள்ளும் விதியும் சேர்ந்திருக்கிறது. 60 லட்சத்தில் 30 விழுக்காடு என்றால் 18 லட்சம் வரிகள். நம் வாடிக்கையாளருக்கு ஒரு கோப்பில் இருப்பதோ 30 வரிகள்.

ஆக, 2023 அக்டோபரில் ஒழுங்காக எழுதி, அளவாகச் சேர்த்து வைத்த கோப்பை இரவு வேலை எத்தனை ஆண்டு ஓடினாலும் தொடாது. எந்த அட்டவணை நன்றாகப் பராமரிக்கப்பட்டிருக்கிறதோ, அதில்தான் நீக்கிய வரிகள் நீண்ட காலம் தங்கும். மென்பொருளில் இது பிழையும் இல்லை. வேகத்துக்காக வைத்த விதியைத் தனியுரிமைக்காக நம்பியதுதான் கோளாறு.

மாற்றவேண்டியது ஒரே ஒரு எண்:

```sql
CALL cat.system.rewrite_data_files(
  table => 'app.events',
  options => map('delete-file-threshold', '1')
);
```

ஒரே ஒரு நீக்கக் கோப்பு ஒட்டியிருந்தாலும் அந்தத் தரவுக் கோப்பைத் திரும்ப எழுது என்பது இதன் பொருள். வேலை முடிந்ததும் ஒரு சிறு விவரம் திரும்பி வரும். அதில் `rewritten_data_files_count` என்ற எண்ணைப் பார்ப்பது நல்ல பழக்கம். அந்த வாரம் நீக்கக் கோரிக்கைகள் வந்திருக்கின்றன, இந்த எண் மட்டும் பூஜ்யமாக இருக்கிறது என்றால், வேலை வெற்றி என்று பச்சை விளக்கு எரிந்தாலும் எதுவும் நடக்கவில்லை என்று பொருள். `failed_data_files_count` என்ற எண்ணும் பக்கத்திலேயே வரும். அது பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் சில கோப்புகள் விடுபட்டிருக்கின்றன. திரும்ப எழுதிக்கொண்டிருக்கும்போதே வேறொரு வேலை அதே கோப்பில் இன்னொரு வரியை நீக்கிவிட்டால் மோதல் வந்து எழுதல் தோற்பதுண்டு. மறுபடி ஓட்ட வேண்டியதுதான்.

டெல்டா லேக் வைத்திருப்பவர்களுக்கு இதற்கென்றே தனிக் கட்டளை இருக்கிறது: `REORG TABLE events APPLY (PURGE)`. பெயரிலேயே நோக்கம் தெரிவதால் குழப்பம் குறைவு.

செலவைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. நம் வாடிக்கையாளர் ஒருவருக்காக 40 கோப்புகளை எழுதினால் 18 ஜிகாபைட். அழிக்கவேண்டிய 1,200 வரிகளைச் சுருக்கிப் பார்த்தால் சில நூறு கிலோபைட் தேறாது. வாரத்துக்கு 500 பேர் இப்படிக் கேட்கிறார்கள் என்றால், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஓட்டினால் 9 டெராபைட். 500 பேரையும் சேர்த்து வாரத்துக்கு ஒருமுறை ஓட்டினால்? அவர்கள் தொட்ட கோப்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழும். 4,380 கோப்புகளுக்கு 20,000 தொடுகைகள் என்றால் ஏறக்குறைய எல்லாக் கோப்பும் ஒருமுறையாவது தொடப்பட்டிருக்கும். முழு அட்டவணையையும் திரும்ப எழுதவேண்டி வரும், ஆனால் அதன் உச்சவரம்பு 2 டெராபைட். கோரிக்கைகளைச் சேர்த்துவைத்து ஒன்றாக ஓட்டுவதற்கு இந்தக் கணக்கே காரணம். சட்டம் ஒரு மாதம் தரும்போது, கோரிக்கை வந்த அன்றே ஓட்டியாக வேண்டும் என்ற அவசரம் யாருக்கும் இல்லை.

இன்னும் குறைக்க வேண்டுமானால் ஆதியிலேயே கோப்புகளை வேறு மாதிரி அடுக்கியிருக்க வேண்டும். வரிகளை நாள்வாரியாகப் பிரிக்காமல் ஆண்டுவாரியாகவும், அதற்குள் வாடிக்கையாளர் எண்வாரியாகவும் பிரித்தால், ஒருவருடைய மூன்றாண்டு வரிகளும் மூன்று நான்கு கோப்புகளுக்குள் அடங்கிவிடும். ஆனால் 'நேற்று என்ன விற்றது' என்று கேட்கிறவருக்கு ஆண்டு முழுவதையும் புரட்டவேண்டி வரும். விற்பனைப் பிரிவினர் ஒருபோதும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். நடைமுறையில் நான் மெச்சுவது இன்னொரு ஏற்பாட்டை: பெயர், போன், முகவரி ஆகியவற்றை ஒரு சிறு தனி அட்டவணையில் வைத்து, பிரம்மாண்டமான தட்டல் அட்டவணையில் பொருளற்ற ஓர் எண்ணை மட்டும் வைப்பது. அழிக்கக் கேட்டால் சிறு அட்டவணையைத் திரும்ப எழுதுவது சில நிமிட வேலை. ஆனால் தட்டல் அட்டவணையில் இடமும் நேரமும் இருக்கும் வரை, இரவெல்லாம் ஒரே வீட்டில் நிற்கும் எண் யாருடையது என்று கண்டுபிடிப்பது பெரிய காரியமில்லை. அதனால் பெரிய அட்டவணையையும் ஒருநாள் எழுதித்தான் ஆகவேண்டும்.

சரி, புதிய கோப்பு எழுதியாயிற்று. பழையது? அது இன்னமும் அங்கேயேதான் இருக்கிறது.

ஐஸ்பெர்க்கின் பெருமைகளில் ஒன்று, அட்டவணை நேற்று எப்படி இருந்தது என்று திரும்பிப் பார்க்க முடிவது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு ஸ்னாப்ஷாட் பதிவாகிறது. பழைய ஸ்னாப்ஷாட் உயிரோடு இருக்கும் வரை அது சுட்டும் பழைய கோப்புகளும் உயிரோடு இருக்கும். தவறாக எதையாவது அழித்துவிட்டால் மீட்பதற்கு இது கைகொடுக்கும். தனியுரிமைக்கோ இது நேர் எதிர். நேற்றைய ஸ்னாப்ஷாட்டைக் கேட்டால் நம் வாடிக்கையாளர் முழு விவரத்தோடு வந்து நிற்பார். அதனால் பழைய ஸ்னாப்ஷாட்டுகளைக் காலாவதியாக்க வேண்டும்:

```sql
CALL cat.system.expire_snapshots(table => 'app.events');
```

தேதி எதுவும் கொடுக்காவிட்டால் ஐந்து நாட்களுக்கு முந்தைய ஸ்னாப்ஷாட்டுகள் போகும். அவை மட்டுமே சுட்டிக்கொண்டிருந்த கோப்புகளும் கூடவே கிடங்கிலிருந்து அழிக்கப்படும். உண்மையான அழிப்பு நடக்கும் தருணம் இதுதான். இந்தக் கட்டளையை யாராவது ஓட்ட வேண்டும், அல்லது ஓட்டும்படி ஏற்பாடு செய்திருக்க வேண்டும்; அட்டவணை தானாகச் செய்துகொள்ளாது. டெல்டாவில் இதற்கு ஈடான `VACUUM` ஏழு நாள் இடைவெளி விடுகிறது. அதைவிடக் குறைக்கப் பார்த்தால் மறுத்துவிடும். பாதுகாப்புச் சோதனையை வேண்டுமென்றே அணைத்தால்தான் விடும். அணைக்காமல் இருப்பதே நல்லது. பழைய கோப்பைப் படித்துக்கொண்டிருக்கும் நீண்ட வேலையின் காலடியிலிருந்து கோப்பை உருவிவிட்டால் அந்த வேலை பாதியில் விழும்.

காலாவதிக்குத் தப்பும் ஸ்னாப்ஷாட்டுகளும் உண்டு. ஒரு ஸ்னாப்ஷாட்டுக்கு 'டேக்' என்று பெயர் சூட்டி வைத்தால், அந்தப் பெயருக்கு ஆயுள் குறிக்காத வரை அது என்றென்றும் இருக்கும். கணக்குப் பிரிவில் ஒருவர் நிதியாண்டு முடிவில் தணிக்கைக்காக ஒரு டேக் போட்டிருப்பார். அடுத்த ஆண்டு அவர் வேறு வேலைக்குப் போயிருப்பார். டேக் மட்டும் இருக்கும். அது சுட்டும் அத்தனை பழைய கோப்புகளும் இருக்கும். வாராவாரம் காலாவதி வேலை வெற்றிகரமாக ஓடிக்கொண்டும் இருக்கும். `SELECT * FROM app.events.refs` என்று கேட்டால் இந்தப் பெயர்கள் எல்லாம் தெரிந்துவிடும். தணிக்கைக்கு வேண்டியது தொகையும் தேதியும் என்றால், அவற்றை மட்டும் வேறு அட்டவணையில் எடுத்துவைத்துவிட்டு டேக்கை நீக்கிவிடலாம். மூன்றாண்டுத் தட்டல்களைத் தணிக்கையின் பெயரால் காப்பாற்றி வைக்கத் தேவையில்லை.

அடுத்த அடுக்கு எஸ்3-உடையது. தவறுதலாக அழிவதைத் தடுக்க, கிடங்கில் 'வெர்ஷனிங்' என்ற வசதியைப் பலர் இயக்கி வைத்திருப்பார்கள். அப்போது ஐஸ்பெர்க் ஒரு கோப்பை அழிக்கச் சொன்னால் எஸ்3 அழிக்காது; மேலே ஓர் அழிப்புக் குறியை வைத்து மறைக்கும். அடியில் பழைய பிரதி அப்படியே இருக்கும். மறைந்த பிரதிகளை இத்தனை நாளில் அழித்துவிடு என்று கிடங்குக்குத் தனி விதி எழுத வேண்டும். அந்த விதியின் பெயர் `NoncurrentVersionExpiration`. அட்டவணையைப் பார்த்துக்கொள்பவரும் கிடங்கைப் பார்த்துக்கொள்பவரும் வெவ்வேறு குழுக்களாக இருக்கும் நிறுவனங்களில் இந்த விதி விடுபட்டுப்போவது சகஜம். இரண்டு தரப்புமே தங்கள் வேலை முடிந்ததாக நினைத்துக்கொண்டிருக்கும்.

இத்தனையும் சேர்த்து நாள் கணக்குப் போடலாம். கோரிக்கை வந்தது மார்ச் 2. வாராந்தர வேலை மார்ச் 8 இரவு ஓடி, நீக்கமும் திரும்ப எழுதலும் 9-ஆம் தேதி விடிவதற்குள் முடிகின்றன. மார்ச் 14 இரவு காலாவதி வேலை ஓடும்போது, 9-ஆம் தேதி இரவுக்கு முந்தைய ஸ்னாப்ஷாட்டுகள் போகின்றன. கிடங்கு விதி ஏழு நாள் என்றால் மார்ச் 22 வாக்கில் அடியிலிருந்த பிரதியும் போய்விடும். ஒரு மாதக் கெடு ஏப்ரல் 2. ஏதாவது ஒரு வேலை ஒரு வாரம் தவறினாலும் சமாளிக்க இடம் இருக்கிறது. இரண்டு வாரம் தவறினால் இல்லை. ஸ்னாப்ஷாட்டை 30 நாள் வைத்திருப்பது எங்கள் வழக்கம் என்கிற நிறுவனம், இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் கெடு தாண்டுவதைத் தானே கண்டுகொள்ளும்.

யார் பட்டியலிலும் இல்லாத கோப்புகளும் கிடங்கில் இருக்கக்கூடும். சென்ற ஆண்டு ஒரு காம்பாக்‌ஷன் வேலை பாதியில் விழுந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் சில புதிய கோப்புகளை அது எழுதி முடித்திருக்கும். ஆனால் கணக்குப்பிள்ளையின் பட்டியலில் அவை ஏறவில்லை. எந்த ஸ்னாப்ஷாட்டும் சுட்டாத அநாதைக் கோப்புகள் அவை. உள்ளே இருப்பதோ முழுமையான நிஜ வரிகள். `DELETE` கட்டளை பட்டியலில் இருக்கும் கோப்புகளைத்தான் தேடும். அநாதைகளை அது காணவே காணாது. `remove_orphan_files` என்ற தனிக் கட்டளை இவற்றைத் தேடி அழிக்கும். இயல்பாக மூன்று நாளுக்கு மேல் பழையவற்றை மட்டுமே தொடும், காரணம் இப்போது எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் கோப்பும் பட்டியலில் இன்னும் ஏறாத அநாதைதான். அந்த இடைவெளியை மிகவும் குறைத்தால், ஓடிக்கொண்டிருக்கும் வேலையின் கோப்புகளையே அழித்து அட்டவணையைக் கெடுத்துக்கொள்ள நேரலாம். முதலில் `dry_run => true` என்று போட்டு, எவற்றை அழிக்கப்போகிறது என்று பட்டியலை மட்டும் வாங்கிப் படித்துவிடுவது உத்தமம்.

நுணுக்கமான கசிவு ஒன்றும் இருக்கிறது. பலருக்கு இது தெரியாது. எந்தக் கோப்பைத் திறக்க வேண்டும் என்று வேகமாக முடிவுசெய்ய, ஒவ்வொரு கோப்பிலும் ஒவ்வொரு பத்தியின் மிகச் சிறிய மதிப்பையும் மிகப் பெரிய மதிப்பையும் ஐஸ்பெர்க் தன் பட்டியலில் குறித்துவைக்கிறது. எழுத்தாலான பத்தி என்றால் இயல்பாக முதல் 16 எழுத்துகள். மின்னஞ்சல் பத்தியில் அகர வரிசையில் முதலில் வருபவர் யாரோ, அவருடைய முகவரியின் முதல் 16 எழுத்துகள் பட்டியலில் பதிந்துவிடும். பல மின்னஞ்சல்களில் பெயர் முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். கோப்பைத் திரும்ப எழுதிப் பழைய ஸ்னாப்ஷாட்டையும் காலாவதியாக்கினால் அந்தப் பட்டியலும் போகும். மின்னஞ்சல், பெயர் போன்ற பத்திகளுக்கு இந்தக் குறிப்பே வேண்டாம் என்று முன்கூட்டியே அணைத்துவைப்பது அதைவிட நல்லது.

நீக்கக் கோப்பிலேயே ஆளைக் காட்டிக்கொடுக்கும் வகையும் உண்டு. மேலே பார்த்தது வரி எண்ணைச் சொல்லும் வகை. இன்னொரு வகை, 'இந்த மதிப்பு உள்ள வரிகள் எல்லாம் நீங்கின' என்று சொல்லும். ஃப்ளிங்க் போன்ற, தொடர்ந்து ஓடும் கருவிகள் இந்த வகையை எழுதுகின்றன. நீக்கத்தை மின்னஞ்சலை வைத்துச் செய்திருந்தால், 'அழிக்கச் சொன்னவர்' என்ற பட்டியலாக அந்த மின்னஞ்சலே நீக்கக் கோப்பில் உட்கார்ந்திருக்கும். காம்பாக்‌ஷன் முடிந்த பிறகும் பயனற்றுத் தொங்கும் நீக்கக் கோப்புகள் எஞ்சலாம். `app.events.delete_files` என்ற உள் அட்டவணையைப் பார்த்தால் எத்தனை மிச்சம் என்று தெரியும்.

இவ்வளவுக்கும் பிறகு, வரி உண்மையிலேயே போய்விட்டதா என்று எப்படி அறிவது? அட்டவணையில் தேடுவது சான்றாகாது. சீட்டு ஒட்டிய அன்றே தேடல் பூஜ்யம் காட்டியது. நீக்குவதற்கு முன்பே அந்த வரிகள் எந்தெந்தக் கோப்பில் இருக்கின்றன என்று கேட்டுக் குறித்துவைப்பதுதான் சரியான முறை. ஐஸ்பெர்க்கில் ஒவ்வொரு வரிக்கும் `_file` என்ற மறைவான பத்தி இருக்கிறது:

```sql
SELECT _file, count(*) FROM app.events
WHERE customer_id = 770415 GROUP BY _file;
```

நம் வாடிக்கையாளருக்கு இது 40 பெயர்களைத் தரும். நீக்கிய பிறகு கேட்டால் எதுவும் வராது, ஆகவே இந்தப் படியை மறந்தால் பின்னால் சரிசெய்ய முடியாது. பழைய ஸ்னாப்ஷாட் உயிரோடு இருக்கும் நாட்களுக்குள் நினைவு வந்தால் மட்டும் அதனிடம் கேட்டுப் பெறலாம். மார்ச் 23 அன்று அந்த 40 பெயர்களையும் ஒவ்வொன்றாக, ஐஸ்பெர்க்கிடம் கேட்காமல், கிடங்கிடமே கேட்க வேண்டும்:

```
aws s3api list-object-versions --bucket kadai-lake \
  --prefix warehouse/app/events/data/event_date=2023-10-14/00017
```

பதிலில் `Versions` என்ற தலைப்பின் கீழ் அந்தக் கோப்பின் பெயர் இருந்தால் அடியில் பிரதி இன்னும் இருக்கிறது. `DeleteMarkers` மட்டும் இருந்தால் மறைப்புக் குறி மட்டுமே மிச்சம், உள்ளடக்கம் போய்விட்டது. இரண்டுமே இல்லையென்றால் தடயமே இல்லை. 40 பெயர்களில் 39 போய் ஒன்று மட்டும் நின்றால், அநேகமாக ஒரு டேக் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும், அல்லது அந்த ஒரு கோப்பு மட்டும் காம்பாக்‌ஷனில் தோற்றிருக்கும். எது என்று `refs` அட்டவணை சொல்லிவிடும். வாடிக்கையாளருக்கு எழுதும் பதிலில் போடவேண்டிய தேதி, என் பார்வையில், இந்தச் சோதனை சுத்தமாக வந்த தேதிதான்; `DELETE` ஓடிய தேதியைப் போடுவது அவசரம்.

கிடங்கின் பேக்கப்பை வேறொரு கணக்குக்கோ வேறொரு நாட்டுக்கோ நகலெடுத்து வைத்திருந்தால், மேற்சொன்ன ஒரு கட்டளையும் அங்கே போய்ச் சேராது. அதற்கென்று தனி ஆயுள் குறித்து, தானாக அழியவிட வேண்டும். அதற்கு முன் என்றாவது விபத்து நேர்ந்து பேக்கப்பிலிருந்து அட்டவணையை மீட்டால், நீக்கிய அத்தனை பேரும் திரும்பி வந்துவிடுவார்கள். அதனால் மீட்புக்குப் பின் முதல் வேலையாக நீக்கங்களை மறுபடி ஓட்டவேண்டும். அதை ஓட்ட, யாரையெல்லாம் நீக்கினோம் என்ற பட்டியல் கையில் இருக்க வேண்டும். பெயரோ போனோ இல்லாமல் 770415 போன்ற எண்களை மட்டும் ஒரு சிறு அட்டவணையில் போட்டு, பேக்கப்பின் ஆயுள் முடியும் வரை வைத்திருந்து, பிறகு அதையும் அழிக்கிறார்கள். அந்தச் சிறு அட்டவணையும் ஐஸ்பெர்க்கில் இருந்தால், அதற்கும் ஒரு `expire_snapshots` ஓட்ட வேண்டும்.